முகப்பருவும் உணவும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நெற்றியில் நான்கு பருக்கள் இருந்தால் போதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள், கண்ணு" என்பார் பாட்டி. "தில்லியில் தினமும் சமோசா தின்கிறாயா?" என்று கேட்பார் மாமா. "பாலை நிறுத்திப் பார், எனக்குக் குறைந்துவிட்டது" என்பாள் அத்தை மகள். "சாக்லேட்தான் காரணம்" என்று பள்ளித் தோழன் முன்பே சொல்லியிருப்பான்.

இந்தத் தீர்ப்புகளைக் கேட்கும் மாணவர் இரண்டு முடிவுகளுக்கு வரக்கூடும். ஒன்று, தம் முகத்தில் தோன்றிய பருக்களுக்குத் தம் நாவின் ஆசையே காரணம் என்று வெட்கப்படுவது. மற்றொன்று, எண்ணெய், பால், இனிப்பு என ஒவ்வொன்றாக விலக்கி, வளரும் வயதில் உணவையே சுருக்கிக்கொள்வது. இவ்விரண்டில் எதையும் செய்வதற்கு முன், மேற்கண்ட தீர்ப்புகளில் எது ஆராய்ந்து அறியப்பட்டது, எது வெறும் ஊகம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனை இப்பாடத்தில் காண்போம்.

பரு எவ்வாறு தோன்றுகிறது?

நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி உள்ளது. அது சுரக்கும் எண்ணெய்ப்பசை, மயிர்க்காலின் குழல் வழியாக மேலே வந்து தோலை மென்மையாக வைக்கிறது. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் மிகுதியானவை. அதனால்தான் பருக்கள் பெரும்பாலும் அவ்விடங்களில் தோன்றுகின்றன.

பருவ வயதில் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே காலத்தில் குழலின் உட்புறத் தோல்செல்கள் வழக்கம்போல் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட குழலுக்குள் தேங்கும் எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஏக்னிஸ் என்னும் நுண்ணுயிரி பெருகுகிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அதனை எதிர்க்கும்போது அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இதுவே பரு.

இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத சிறிய அடைப்பு ஒன்று பருவாகி வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஆகவே, நேற்று உண்ட பஜ்ஜி இன்று காலை பருவாக முளைத்தது என்று சொல்ல இயலாது. இரண்டாவது, பரு வருவதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் இரட்டைப் பிறவிப் பெண்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே பருவில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 81 விழுக்காடு மரபணுக்களைச் சார்ந்தது என்று கணக்கிட்டது. ஒரே உணவு உண்ணும் இரு நண்பர்களில் ஒருவர் முகம் தெளிவாகவும் மற்றவர் முகம் பருக்களோடும் இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். உணவுக்கு இடம் உண்டென்றாலும் அது எஞ்சிய சிறிய இடமே ஆகும்.

சாக்லேட் சோதனை தந்த பாடம்

உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் உறுதியாகக் கூறிவந்தனர். அதற்குப் பெரிதும் துணைநின்றது 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வாகும். அதனை நடத்தியவர்கள் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர். பருக்கள் உடைய 65 பேர் அதில் பங்கேற்றனர். அவர்கள் நான்கு வாரங்கள் நாள்தோறும் ஒரு சாக்லேட் கட்டியை உண்டனர். வழக்கமான கட்டியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு சாக்லேட் அதில் இருந்தது. மற்றொரு நான்கு வாரங்கள், பார்வைக்கு அதைப் போலவே இருந்த, ஆனால் சாக்லேட் கலக்காத கட்டியை உண்டனர். இரு காலங்களிலும் பருக்களை எண்ணிப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஆகவே, உணவைப் பற்றிய கவலை தேவையற்றது என்னும் கருத்து பரவியது.

இச்சோதனையில் ஒரு குறை இருந்தது. சாக்லேட் இல்லாத கட்டியிலும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. எனவே, "கோக்கோ பருவை உண்டாக்குகிறதா?" என்ற கேள்விக்கு மட்டுமே அச்சோதனை விடை தேட முடியும். "சர்க்கரை பருவை உண்டாக்குகிறதா?" என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை, இரு கட்டிகளிலும் சர்க்கரை சமமாக இருந்தால் அதன் விளைவு எவ்வாறு வெளிப்படும்? மேலும், ஓர் அடைப்பு பருவாக மாறப் பல வாரங்கள் தேவைப்படுவதால், நான்கு வாரங்கள் என்பது மிகக் குறுகிய காலம். சோதனை எதை எதனோடு ஒப்பிட்டது, எவ்வளவு காலம் நடந்தது என்னும் இரண்டையும் பார்க்காமல் அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறான இடத்தில் போய் நிற்போம்.

சர்க்கரை

இனிப்பும் மாவுப்பொருளும் செரித்தபின் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அந்தச் சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புகிறது. சர்க்கரை விரைந்து உயர்ந்தால் இன்சுலினும் மிகுதியாகச் சுரக்கும். இன்சுலின் உயரும்போது, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்னும் மற்றொரு பொருளின் செயலும் மிகுகிறது. பருவ வயதில் நம் எலும்புகளையும் தசைகளையும் வளர்ப்பதில் இதற்குப் பங்குண்டு. ஆயினும், இது எண்ணெய்ச் சுரப்பியையும் தூண்டுகிறது. குழலின் வாயில் செல்கள் பெருகவும் காரணமாகிறது. சர்க்கரைக்கும் பருவுக்கும் இடையே பாலமாக அறிவியலாளர் கருதுவது இவ்வழியைத்தான்.

ஓர் உணவிலுள்ள மாவுப்பொருள் எவ்வளவு விரைவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதைக் கிளைசெமிக் குறியீடு காட்டுகிறது. இதில் குளுக்கோஸின் மதிப்பு 100 என்று கொள்ளப்படும். ஆனால், விரைவை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு உண்டோம் என்பதையும் பார்க்க வேண்டும். குறியீட்டை, உண்ட மாவுப்பொருளின் கிராம் அளவால் பெருக்கி நூறால் வகுத்தால் கிடைப்பது கிளைசெமிக் சுமை ஆகும்.

எடுத்துக்காட்டாக, இடைவேளையில் ஒரு மாணவர் 300 மில்லிலிட்டர் இனிப்புக் குளிர்பானம் குடிக்கிறார் எனக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது ஆறு தேக்கரண்டி. அதன் குறியீட்டை 60 என்று கொண்டால், சுமை 30 × 60 ÷ 100 = 18. மற்றொரு மாணவர் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் உண்கிறார். அதிலும் ஏறத்தாழ 30 கிராம் மாவுப்பொருளே உள்ளது. ஆனால் அதன் குறியீடு 30 அளவுக்குத்தான் இருக்கும். சுமை 30 × 30 ÷ 100 = 9. மாவுப்பொருளின் அளவு ஒன்றாக இருந்தும் சுமை பாதியாகிவிட்டது. கடலையிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் செரிமானத்தை மெதுவாக்குவதே இதற்குக் காரணம். வெறும் சோற்றைவிடப் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சோறு இரத்தச் சர்க்கரையை மெதுவாக உயர்த்துவதும் இவ்வாறே.

இக்கருத்தை மெய்ப்பிக்க ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு சோதனை நடத்தப்பட்டு, 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பருக்கள் உடைய 15 முதல் 25 வயது வரையிலான 43 ஆண்கள் அதில் பங்கேற்றனர். அவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் புரதம் மிகுந்த, சுமை குறைந்த உணவை உண்டனர். மற்றக் குழுவினர் மாவுப்பொருள் மிகுந்த வழக்கமான உணவை உண்டனர். யார் எந்தக் குழு என்பது பருக்களை எண்ணியவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின், சுமை குறைந்த உணவை உண்டவர்களுக்குச் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்திருந்தன. வழக்கமான உணவை உண்டவர்களுக்கு 12 பருக்கள் குறைந்திருந்தன.

இந்த இரண்டாவது எண்ணை நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். எந்தச் சிறப்பு உணவும் உண்ணாதவர்களுக்கும் 12 பருக்கள் குறைந்துள்ளன. பருக்கள் தாமாகவே கூடும், தாமாகவே குறையும். மிகுதியாக இருக்கும்போதுதான் மக்கள் மருத்துவரை நாடுவர். அதன்பின் அவை சற்றுக் குறைவது இயல்பு. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், 23.5 முழுவதும் உணவின் பயனே என்று கொண்டாடியிருப்போம். உணவின் பயன் என்று கூறத்தக்கது இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே. "அதை நிறுத்தினேன், எனக்குக் குறைந்துவிட்டது" என்று ஒருவர் கூறும்போது, நிறுத்தாமலிருந்தாலும் குறைந்திருக்குமோ என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இச்சோதனைக்கும் வரம்புகள் உண்டு. பங்கேற்றவர் எண்ணிக்கை சிறியது, அனைவரும் ஆண்கள். சுமை குறைந்த உணவை உண்டவர்களின் உடல் எடையும் குறைந்தது. ஆகவே, பயன் தந்தது உணவின் தன்மையா, எடைக்குறைவா என்று முழுமையாகப் பிரித்தறிய இயலவில்லை. சர்க்கரைச் சுமையைக் குறைத்தால் சிலருக்குப் பரு ஓரளவு குறையக்கூடும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு.

பால்

பால் சற்று வியப்பூட்டும் உணவு. அதன் கிளைசெமிக் குறியீடு குறைவு. ஆனால் அது இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. பாலிலுள்ள புரதங்களே அதற்குக் காரணம். கன்றை வளர்ப்பதற்காக அமைந்த உணவாதலால் வளர்ச்சியைத் தூண்டும் இயல்பு அதற்கு உண்டு.

பாலைப் பற்றிய பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில் நடைபெற்றன. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 47,000க்கும் மேற்பட்ட செவிலியர்கள் தம் பள்ளிப் பருவத்தில் என்னென்ன உண்டார்கள், அக்காலத்தில் கடுமையான பரு இருந்ததா என்று நினைவுகூர்ந்து எழுதினர். அதிகமாகப் பால் குடித்ததாகக் கூறியவர்களிடையே பரு சற்று மிகுதியாக இருந்தது. 2008ஆம் ஆண்டில் 4,273 சிறுவர்களைப் பற்றி வெளியான ஆய்வும் இதை ஒத்த முடிவையே தந்தது. இரண்டிலும் பருவோடு மிகுந்த தொடர்பு காட்டியது கொழுப்பு நீக்கிய பாலாகும். பாலின் கொழுப்பே காரணம் என்றால் கொழுப்பு மிகுந்த பால்தான் முன்னே நின்றிருக்க வேண்டும். அவ்வாறு இல்லாததால், ஐயம் கொழுப்பைவிட்டுப் பாலின் புரதத்தின்பால் சென்றது. உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் சிலர் பாலிலிருந்து பிரித்த வே புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கியபின் அவர்களுக்குப் பரு மிகுந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

எனினும், இவை கண்டறிந்தது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிறுவப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் குடித்த பாலின் அளவைச் சரியாக நினைவுகூர்வது எளிதன்று. மேலும், பரு உள்ள சிறுவர்கள் கொழுப்புக்கு அஞ்சிக் கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறியிருக்கவும் கூடும். அவ்வாறாயின், பால் பருவை உண்டாக்கவில்லை. பருதான் பாலை மாற்றியிருக்கிறது. மக்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பால் கொடுத்தும் மற்றதற்குக் கொடுக்காமலும் நெடுங்காலம் பார்த்த பெரிய சோதனைகள் இல்லாததால் இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

தீர்ப்பு வராத வழக்கில் தண்டனையை முன்கூட்டியே கொடுக்கலாமா? பாலை நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. 13 முதல் 15 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. ஒரு தம்ளர் பசும்பாலில், அதாவது 200 மில்லிலிட்டரில், ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கிறது. பாலைக் குறைத்துப் பார்க்க விரும்புவோர் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, கேழ்வரகு, எள், கீரை, முள்ளுடன் உண்ணும் சிறுமீன் போன்றவற்றால் அதனை ஈடுசெய்ய வேண்டும். எலும்பு வலுப்பெறும் வயதில் ஓர் ஐயத்திற்காக இந்தச் சத்தை இழந்துவிடக் கூடாது.

எண்ணெய்ப் பலகாரம்

பாட்டியின் தீர்ப்பு இதுவே. முகத்தில் எண்ணெய் வடிகிறது, உண்பதும் எண்ணெய். ஆகவே இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்று தோன்றுவது இயற்கை. ஆனால் உண்ட எண்ணெய் அப்படியே தோலுக்கு வந்து கசிவதில்லை. குடலில் அது சிதைக்கப்பட்டு, உறிஞ்சப்பட்டு, உடலின் ஆற்றலுக்கும் சேமிப்புக்கும் செல்கிறது. முகத்தில் கசியும் எண்ணெய்ப்பசையைச் சுரப்பி தானே உருவாக்குகிறது. எண்ணெயில் பொரித்தவை என்பதாலேயே பலகாரங்கள் பருவை உண்டாக்குகின்றன என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

அப்படியென்றால் பாட்டி முற்றிலும் தவறாகச் சொன்னாரா? சமோசாவைப் பிரித்துப் பாருங்கள். வெளியே மைதா, உள்ளே உருளைக்கிழங்கு. பக்கத்தில் இனிப்புச் சட்டினி, குடிப்பதற்குச் சர்க்கரை மிகுந்த தேநீர். எண்ணெயோடு சேர்ந்து வருகின்ற இவையெல்லாம் சர்க்கரைச் சுமையைக் கூட்டுபவை. பாட்டி கண்ட தொடர்பு மெய்யாக இருந்தால், குற்றவாளி எண்ணெயாக இல்லாமல் அதன் கூட்டாளியாக இருக்கலாம்.

எண்ணெய் உறுதியாகக் குற்றவாளியாகும் இடம் ஒன்று உண்டு. அது வாய்வழியாக அன்று, தோல்வழியாகச் செய்யும் குற்றம். தலைமுடிக்குத் தொடர்ந்து தடவும் எண்ணெயும் பூச்சுகளும் நெற்றியில் வழிந்து மயிர்க்கால்களை அடைக்கும்போது, நெற்றியிலும் காதோரத்திலும் சிறுசிறு பருக்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. 1970ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் இதனைத் தனிவகைப் பருவாக விவரித்தனர். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைவாரும் நம் வீடுகளில் இதைக் கண்டறிவது எளிது. கன்னங்கள் தெளிவாக இருந்து, முடி தொடங்கும் வரம்பை ஒட்டி மட்டும் பருக்கள் இருந்தால், எண்ணெயை முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் தடவி, நெற்றியில் படாமல் சில வாரங்கள் பார்க்கலாம். தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஒரு குறிப்பேட்டின் கதை

இனி, நாமே சோதித்துப் பார்ப்பது எவ்வாறு என்று காண்போம். தில்லியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி இவ்வாறு செய்கிறாள் எனக் கொள்வோம்.

அவள் உடனே எதையும் நிறுத்தவில்லை. முதல் நான்கு வாரங்கள் எண்ணுவதை மட்டுமே செய்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் முகம் கழுவியபின், சன்னல் ஓர வெளிச்சத்தில், நெற்றி, வலக்கன்னம், இடக்கன்னம், மூக்கு, தாடை என்று பிரித்து எண்ணினாள். பரு ஆறியபின் எஞ்சும் கருந்தடங்களைச் சேர்க்கவில்லை. மாநிறத் தோலில் அத்தடங்கள் மறையப் பல மாதங்கள் ஆகும். அவற்றையும் எண்ணினால் பரு குறைந்தாலும் குறையாததுபோல் தோன்றும். அவள் கண்ட எண்கள் 14, 19, 15, 13. மொத்தம் 61.

இரண்டாவது வாரத்தில் ஏன் 19? அது அவளுடைய மாதவிலக்குக்கு முந்திய வாரம். அக்காலத்தில் பெண்கள் பலருக்குப் பரு கூடுவதுண்டு. அந்த வாரத்தில் அஞ்சிப்போய் இனிப்பை நிறுத்தியிருந்தால், அடுத்த இரு வாரங்களில் எண்ணிக்கை 13 ஆனது இனிப்பை விட்டதால்தான் என்று உறுதியாக நம்பியிருப்பாள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்றை மட்டும் மாற்றினாள். நாள்தோறும் குடித்த இனிப்புக் குளிர்பானத்தையும் பிஸ்கட்டையும் விட்டு, சுண்டலோ நிலக்கடலையோ கொண்டு சென்றாள். பால், சோறு, தலை எண்ணெய், சோப்பு எதையும் மாற்றவில்லை. பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது அல்லவா? அடுத்த நான்கு வாரங்களின் மொத்தம் 58. அதற்கடுத்த நான்கு வாரங்களில் 63. கடைசி நான்கு வாரங்களில் 49.

நடுவில் எண்ணிக்கை உயர்ந்த மாதத்தில் அவளுக்குத் தேர்வுகள் நடந்தன. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தேர்வுக் கால மன அழுத்தம் மிகுந்தவர்களுக்குப் பருவும் மிகுந்தது கண்டறியப்பட்டது. தேர்வு நேரத்தில் இரவு விழித்திருந்து சிப்ஸ் கொறிப்பவர், பருவுக்குச் சிப்ஸ்மேல் பழி போடுவார்; தேர்வு தப்பித்துக்கொள்ளும்.

இம்மாணவி எட்டாம் வாரத்தில் கைவிட்டிருந்தால் பயனில்லை என்று முடிவு செய்திருப்பாள். பன்னிரண்டு வாரங்களின் முடிவில், மாதத்திற்கு 61 ஆக இருந்தது 49 ஆயிற்று. இது இனிப்பைக் குறைத்ததன் பயனா, தேர்வு முடிந்ததன் பயனா, தானாகக் குறைந்ததா? ஒரே ஒருவரின் குறிப்பேட்டைக் கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், குளிர்பானத்தை விட்டதால் அவள் இழந்தது எதுவுமில்லை; பற்களுக்கும் அது நல்லது. ஆகவே தொடர்ந்தாள். பாலை விட்டிருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

உணவு எங்கே நிற்கிறது?

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சர்க்கரைச் சுமை குறைந்த உணவையோ பால் குறைந்த உணவையோ பருவுக்குரிய சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று கூறியுள்ளது. இதன் பொருள், உணவுக்குத் தொடர்பே இல்லை என்பதன்று. உணவை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே.

ஏனெனில், தள்ளிப்போடுவதில் இழப்பு உண்டு. ஆழமாக, வலியோடு வீங்கும் பருக்கள் தோலில் பள்ளமான தழும்புகளை விட்டுச் செல்லும். அவை எந்த உணவாலும் மறையா. அத்தகைய பருக்கள் இருந்தாலோ, தழும்பு விழத் தொடங்கினாலோ, மூன்று மாதங்களாகியும் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்று இருந்து, முகத்தில் முடியும் மிகுந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் தரும் களிம்புகளும் பலன் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். கடைக்காரர் சொல்லைக் கேட்டு வாங்கும் சில முகக் களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். அவை முதலில் முகத்தைத் தெளிவாக்குவதுபோல் காட்டிப் பின்னர்ப் பருவைப் பெருக்கிவிடும்.

அடுத்த விடுமுறையில் மாமா மீண்டும் சமோசாவைப் பற்றிக் கேட்கக்கூடும். அப்போது வெட்கப்பட வேண்டியதில்லை. "மாமா, உங்களுக்கு என் வயதில் பரு இருந்ததா?" என்று பணிவுடன் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சிரித்துக்கொண்டே தம் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார்.

எண்ணி எழுதுவோம்

1. 1969ஆம் ஆண்டுச் சாக்லேட் சோதனை, சர்க்கரையைப் பற்றி ஏன் எதுவும் கூற இயலாது?
2. மெல்போர்ன் சோதனையில் வழக்கமான உணவை உண்டவர்களுக்கும் பருக்கள் குறைந்தன. இதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?
3. 40 கிராம் மாவுப்பொருள் உள்ள ஓர் உணவின் குறியீடு 70 எனில், அதன் கிளைசெமிக் சுமையைக் கணக்கிடுக.
4. மாணவி தன் குறிப்பேட்டில் பாலையும் இனிப்பையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் என்ன குழப்பம் நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
5. "எண்ணெய் உண்பதும் எண்ணெய் படுவதும் ஒன்றல்ல" – பாடத்தின் துணைகொண்டு விளக்குக.